பெயரை மாற்றிப் பாருங்கள்

வேலை விண்ணப்பத்தில், "உங்கள் நிறுவனத்தின் சமூக அக்கறை என்னைக் கவர்ந்தது" என்று பலரும் எழுதுகிறோம். போட்டி நிறுவனத்தின் பெயரைப் போட்டாலும் அந்த வரி பொருந்தும் என்றால், அதை அடித்துவிடலாம்.

என்டியுசி ஃபேர்பிரைசை எடுத்துக்கொள்வோம். விலைவாசி ஏறிய 1973ல் தொழிற்சங்க இயக்கம் தொடங்கிய கூட்டுறவுக் கடை அது. வாழ்க்கைச் செலவைக் கட்டுப்படுத்துவது அதன் நோக்கம் என்று இணையத்தளத்தைப் பார்த்து எழுதுவது எளிது. அதைவிட, கடைக்கே போய் அதன் சொந்த முத்திரை அரிசியையும் பக்கத்திலுள்ள வேறு அரிசியையும் கிலோ விலையில் ஒப்பிடுங்கள். அந்த வித்தியாசத்தை எழுதுங்கள். விலை குறைவாக இருந்தும் உங்கள் பாட்டி அதை வாங்குவதில்லை என்றால், அதற்கு அவர் சொல்லும் காரணத்தையும் எழுதுங்கள். நேர்காணலில் அடுத்த கேள்வி அங்கிருந்துதான் வரும். பதிலும் உங்களிடம் இருக்கும்.