ஒழுங்கை ஆச்சியும் நாலாயிரம் ரூபாயும்

கொக்குவிலில் எமது நண்பர் ஒருவர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். தந்தையார் தொடங்கிய கடை. இப்பொழுது அவரும் மனைவியாரும் மகனும் ஓர் உதவியாளுமாக அதனை நடத்திவருகின்றனர். வீட்டிலிருந்தவாறே சாமான் ஓடர் செய்வதற்கென மகன் அண்மையில் ஓர் இணையத்தளம் அமைத்தான். முதல் மாதமே ஓடர்கள் குவிந்தன. கூடவே ஏச்சுப் பேச்சும் குவிந்தது.

பிழை முதலில் எல்லையிலே இருந்தது. பையன் தேசப்படத்தில் கடையை நடுவாக வைத்து, ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு வட்டம் கீறிவிட்டான். வட்டத்துக்கு ஒழுங்கை தெரியுமா? படத்தில் நேராகப் போகும் ஒழுங்கை, போய்ப் பார்த்தால் யாரோ ஒருவருடைய வேலியில் முடிகிறது. 2015ஆம் ஆண்டு முதல் மீண்டும் காங்கேசன்துறைவரை ஓடும் புகையிரதமும் இடையிலே குறுக்கிடுகிறது. நாளொன்றுக்குச் சில வண்டிகளே எனினும், கடவை மூடியிருக்கும் வேளையில் அகப்பட்டுக்கொண்டால் அன்றைய சுற்று முழுவதும் பிந்திவிடும்.

ஆகவே வட்டத்தை அழித்துவிட்டார்கள். மாலை ஐந்து மணிக்குச் சாமான் ஏற்றிய முச்சக்கர வண்டியிலே ஒவ்வொரு திசையிலும் சென்று, பத்து நிமிடத்தில் எதுவரை போகமுடிகிறதோ அதுவே எல்லை என வகுத்தார்கள். தளத்திலும் கிலோமீற்றரை நீக்கி, ஊரின் பெயரையும் ஒழுங்கையின் பெயரையும் தெரிவுசெய்யுமாறு வைத்தார்கள். அதனை முதற்பக்கத்திலேயே கேட்கவேண்டும். அரிசி, பருப்பு, மா எல்லாம் தெரிந்து முடித்த பின்னர் ‘உங்கள் பகுதிக்கு வரமாட்டோம்’ என்று சொன்னால் எவருக்குத்தான் கோபம் வராது?

அடுத்தது நேரம். மாலை 4 மணி முதல் 6 மணிவரை ஒரு சுற்று. அதிலுள்ள 120 நிமிடங்களில் முதல் வீட்டுக்குப் போகவும் கடைசி வீட்டிலிருந்து திரும்பவும் 20 நிமிடம் கழியும். எஞ்சிய நூறு நிமிடத்தில், வீடொன்றுக்குப் பத்து நிமிடமாகப் பத்து வீடுகள் முடியும். அப்படியாயின் பத்து ஓடர் ஏற்கலாமா? கூடாது. படலையடியில் நின்று கூப்பிட்டும் ஆளைக் காணாத வீடு ஒன்றாவது இருக்கும். மாற்றிய காசுக்கு மிச்சம் தேடும் வீடு இன்னொன்று இருக்கும். எட்டாவது ஓடருடன் அந்தச் சுற்றைத் தளம் தானே மூடிவிடவேண்டும்.

ஓர் ஓடரை எடுத்துக் கட்டி முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் செல்கிறது. எட்டுக்கு 96 நிமிடம். ஆகவே 4 மணிச் சுற்றுக்கான ஓடரைப் பகல் 2 மணியுடன் நிறுத்துகிறார்கள். முன்னர் 3.50 வரைக்கும் ஏற்றார்களாம்! இதிலே நண்பர் கண்டறிந்த நல்ல அடையாளம் ஒன்று உண்டு. முதல் வீட்டுக்கே பிந்தினால், ஓடரை நிறுத்தும் நேரம் பிழை. கடைசி இரண்டு வீடுகளுக்கு மாத்திரம் பிந்தினால், ஏற்ற தொகை அதிகம்.

இனி, ஆகக் குறைந்த ஓடர் எவ்வளவு? கணக்குக்காக வேலையாளின் சம்பளம் மணிக்கு 400 ரூபாய் என்றும், ஒரு சுற்றுக்கு எரிபொருளும் தேய்மானமும் 400 ரூபாய் என்றும் கொள்வோம். இரண்டு மணி நேரச் சுற்றுக்கு 1,200 ரூபாய் ஆகிறது. எட்டு ஓடர் எல்லா நாளும் வராது. ஐந்து என்றே பார்க்கவேண்டும். ஓடர் ஒன்றுக்கு 240 ரூபாய், கட்டும் கூலி 80, ஆக 320 ரூபாய். பலசரக்கில் நூற்றுக்கு எட்டு மிஞ்சுமாயின், 4,000 ரூபாய்க்கு வாங்கினாற்றான் அந்தச் செலவு தேறும். 150 ரூபாய் கூலி அறவிட்டால் எஞ்சுவது 170. அதற்கு ஏறத்தாழ 2,100 ரூபாய் ஓடர் போதும். வாங்குபவர் இவ்விரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யலாம் என விட்டார்கள். ஒருவர் நாலாயிரத்துக்கு ஓடர் கொடுத்து, கடையில் ஒரு சாமான் இல்லாமையால் தொகை குறைந்தால், அவரிடம் கூலி கேட்பதில்லை. இருப்பு இல்லாதது கடையின் குற்றமல்லவா?

கணக்கு இவ்வளவு ஒழுங்காக முடிந்தபோது நண்பர் மகனைப் பார்த்து, “தம்பி, பின் ஒழுங்கை ஆச்சி எந்த நாளில் நாலாயிரத்துக்குச் சாமான் வாங்கினவ?” என்று கேட்டாராம். ஆச்சி தனித்திருப்பவர். முழங்கால் வருத்தம், கடைக்கு நடக்க இயலாது. பேர்த்தியின் தொலைபேசியில் கிழமைக்கு ஒருமுறை ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்க்கு ஓடர் வரும். புதிய விதியின்படி தளம் அதனை மறுத்துவிட்டது.

பையன் மீண்டும் கணக்குப் பார்த்தான். கடைக்கு அண்மையிலுள்ள ஒழுங்கைகளுக்கு முச்சக்கர வண்டி வேண்டாம். துவிச்சக்கர வண்டி போதும். சிறிய ஓடரைக் கட்ட ஐந்து நிமிடம், போய்வரப் பத்து நிமிடம். செலவு நூறு ரூபாய். அதற்கு 1,250 ரூபாய் ஓடராவது வேண்டும். ஆயிரத்துக்குக் கொடுத்தால் இருபது ரூபாய் நட்டம் என்றான்.

“ஆயிரம் என்றே போடு. அந்த இருபது ரூபாயை நான் பார்த்துக்கொள்ளுகிறேன்” என்றார் தந்தை.

அண்மை ஒழுங்கைகளுக்கு இப்பொழுது ஆயிரம் ரூபாயே எல்லை. பொழுதுபட்ட பின்னர், கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில், பையனே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறான்.