வாடகைக்கு உழைக்கும் மியூனிக்

கோவையிலும் சென்னையிலும் ஜெர்மனிப் படிப்புக்கான கருத்தரங்கு எதற்குப் போனாலும் கன்சல்டன்சிக்காரர் தவறாமல் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: “மியூனிக் மாதிரி பெரிய ஊரா எடுங்க. பார்ட் டைம் வேலையே செலவைப் பார்த்துக்கும்.” வருஷக்கணக்காகக் கேட்டுப் புளித்துவிட்டது.

பெரிய ஊரில் வேலை அதிகமாம். இருக்கட்டும். ஆனால் நம் மாணவர் எவ்வளவு வேலை செய்யலாம் என்பதை ஊர் தீர்மானிப்பதில்லை, சட்டம் தீர்மானிக்கிறது. ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள், அவ்வளவுதான். குறைந்தபட்சக் கூலியும் நாடு முழுக்க ஒன்றே: 2026இல் மணிக்கு 13.90 யூரோ. ஊருக்கு ஊர் மாறுவது வாடகைதான். மியூனிக்கில் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்குச் சுமார் 800 யூரோ. துரிங்கியா மாநிலத்துப் பல்கலைக்கழக ஊரான இல்மெனாவில் மாணவர் விடுதி அறைக்குச் சுமார் 300 என்று வையுங்கள். அந்தக் கூலியில் இல்மெனாவில் வாடகைக்கு மாதம் 22 மணி நேரம் உழைத்தால் போதும், மியூனிக்கில் 58. பெரிய ஊரில் மணிக்கு 16 யூரோகூடத் தருவார்களாம். தரட்டும், அப்போதும் 50 மணி நேரம். மிச்சமுள்ள நேரத்தில் மாணவர் படித்தும் கொள்ளலாம், மனமிருந்தால்.

விசாவுக்காக முடக்கிவைக்கும் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ கைக்கு வரும். தூதரகம் ஊர் பார்த்துத் தொகை கேட்பதில்லை. மியூனிக்கில் வாடகையும் காப்பீடும் போனால் சாப்பாட்டுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 50 யூரோ. இல்மெனாவில் 550.

“சின்ன ஊரில் ஜெர்மன் தெரியாமல் வேலை கிடைக்காது.” மியூனிக் ஹோட்டல்காரர் தமிழில் ஆர்டர் எடுக்கச் சொல்வார் போலும். பல்கலைக்கழகத்திலேயே ‘ஹீவி’ வேலை உண்டு. ஆய்வகத்தில் உதவுவது, பாடம் சொல்லித்தருவது. அந்த வேலை 140 நாள் கணக்கில் சேராது. சின்னத் துறையில் பேராசிரியருக்கு மாணவரின் முகம் தெரியும், கேட்டுப் பார்க்கலாம்.

கடைசி அஸ்திரம்: “அங்கே நம்ம ஆளுங்க நிறைய, ஆதரவா இருப்பாங்க.” சாம்பார் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு வீடு கொடுப்பவரின் கையெழுத்திட்ட சான்று தேவை. நண்பரின் சோபாவில் படுத்திருப்பவருக்கு அதை யார் தருவார்? பதிவு இல்லையென்றால் குடியிருப்பு அனுமதியும் இழுபறிதான். மியூனிக்கில் மாணவர் விடுதிக்குப் பல செமஸ்டர்கள் காத்திருக்க நேரும். அதுவரை நம்மவர் சோபாதான் ஆதரவு.

கன்சல்டன்சியின் பொறுப்பு விசா முத்திரையோடு முடிந்துவிடும். அடுத்த கருத்தரங்கில் ஒரே கேள்வி கேளுங்கள்: “அந்த ஊர் வாடகைக்கு மாதம் எத்தனை மணி நேரம் வேலை செய்யணும் சார்?” கால்குலேட்டரை எடுக்கிறாரா, பேச்சை மாற்றுகிறாரா என்று பாருங்கள்.