ஆறு மாதத்துக்கு அதிகம், ஓராண்டுக்குக் குறைவு

2025 தொடக்கத்தில் ஒருநாள் காலை, பக்கத்து வீட்டு அக்காவுடன் பினாங்கு பீச் ஸ்திரீட்டில் இருக்கும் ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். கையில் இருபதாயிரம் வெள்ளி. நிரந்தர வைப்பில் போட வேண்டும். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் சலுகைப் பலகை நின்றது: ஆறு மாதத்துக்கு 3.80 விழுக்காடு, பன்னிரண்டு மாதத்துக்கு 3.70. அக்கா இரண்டு முறை படித்தார். "என்ன தம்பி இது? நாள் கூட விட்டா வட்டி கூடணும்ல? இவன் குறைக்கிறானே!"

அக்காவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. காசை நீண்ட நாள் பிரிந்திருப்பவருக்குக் கூலி கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்பது கடன் கொடுக்கும் தொழிலின் பழைய கணக்கு. லெபோ பினாங்கில் கிட்டங்கி வைத்திருந்த செட்டியார்களும் கேட்டவுடன் திருப்பித் தரும் பணத்துக்கு ஒரு நடப்பு வட்டி, தவணைக்கு விட்ட பணத்துக்கு ஒரு தவணை வட்டி என்று பிரித்துத்தான் எழுதினார்கள். தவணை வட்டி குறுகிய காலத்துக்குக் குறைவாகவும் நீண்ட காலத்துக்கு அதிகமாகவும் இருந்தால், அந்த விகிதங்களை வரிசையாகப் புள்ளி வைத்து இணைக்கும் கோடு மேல் நோக்கிப் போகும். அந்தக் கோட்டைத்தான் நிதிச் சந்தையில் யீல்டு கர்வ் என்கிறார்கள். தமிழில் ஈட்டுக்கோடு எனலாம். அரசு வெளியிடும் கடன் பத்திரங்களை மூன்று மாதம், இரண்டு ஆண்டு, பத்து ஆண்டு என அடுக்கி, ஒவ்வொன்றும் இன்று என்ன ஈட்டு தருகிறது என்று பார்த்து வரைவது அது. குறுகிய கால விகிதம் நீண்ட கால விகிதத்தைத் தாண்டிவிட்டால் கோடு தலைகீழாகிவிட்டது என்பார்கள். உடனே செய்தித்தாளில் மந்தநிலை எச்சரிக்கை வரும்.

அக்காவுக்குப் பதில் சொல்ல வங்கிச் சீட்டின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். ஓராண்டுக்குப் போட்டால் 3.70 விழுக்காட்டில் 740 வெள்ளி. ஆறு மாதத்துக்குப் போட்டால் 3.80 விழுக்காட்டில் பாதி ஆண்டுக்கு 380 வெள்ளி. மிச்ச ஆறு மாதத்துக்கு 20,380 வெள்ளியை மறுபடி போடும்போது 360 வெள்ளி கிடைத்தால் இரண்டு வழியும் சமம். 360 வெள்ளி என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 3.53 விழுக்காடு. ஆக, அந்தப் பலகையில் எழுதப்படாத மூன்றாவது எண் ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் கழித்து வட்டி 3.53 அளவுக்கு இறங்கும் என்று வங்கி நினைக்கிறது. அதனால் இன்றைய உயர்ந்த வட்டியை ஓராண்டுக்கு உறுதி கொடுக்க அதற்கு விருப்பமில்லை.

தலைகீழ்க் கோடு அளப்பது முதன்மையாக இதைத்தான். மத்திய வங்கியின் குறுகிய கால வட்டி இனி எந்தப் பக்கம் போகும் என்று பணம் போடுபவர்கள் வைத்திருக்கும் பந்தயம் அது. வேலையில்லாதவர் எத்தனை பேர், ஆலைகளுக்கு ஆர்டர் வருகிறதா என்பதெல்லாம் அந்தக் கோட்டில் இல்லை.

ஆனால் பலகையில் இன்னொன்றும் கலந்திருக்கலாம். அந்தக் காலாண்டில் அந்தக் கிளைக்குப் பணம் அவசரமாகத் தேவைப்பட்டு, ஆறு மாதத்துக்கு மட்டும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருக்கலாம். அப்படியானால் நான் போட்ட 3.53 பாதி பொய். அரசுப் பத்திரங்களிலும் இதே கலப்பு உண்டு. பத்தாண்டு ஈட்டில் எதிர்கால வட்டி பற்றிய எதிர்பார்ப்பு ஒரு பகுதி. பத்தாண்டு காத்திருப்பதற்கான கூலி இன்னொரு பகுதி. ஓய்வூதிய நிதிகளும் மத்திய வங்கிகளும் நீண்ட காலப் பத்திரங்களை மொத்தமாக வாங்கிக் குவிக்கும்போது அந்தக் கூலி தேய்கிறது, சில சமயம் பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. அப்போது வட்டி குறையும் என்று யாரும் பெரிதாக நம்பாமலேயே கோடு கவிழ்ந்துவிடும். இரண்டு பகுதிகளையும் நேரடியாகப் பிரித்துப் பார்க்க வழி இல்லை, மாதிரிக் கணக்குகளால் மதிப்பிடத்தான் முடியும். சண்டையெல்லாம் இந்த இடத்தில்தான்.

இந்தக் கோட்டுக்கும் மந்தநிலைக்கும் முடிச்சுப் போட்டவர்களில் முதன்மையானவர் கேம்பல் ஹார்வி. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 1986-இல் முடித்த முனைவர் ஆய்வில், அமெரிக்கக் கோட்டின் சாய்வு அந்நாட்டின் வளர்ச்சியை முன்கூட்டிச் சொல்கிறது என்று காட்டினார். காரணம் புரியாத ஒன்றல்ல. விலைவாசியை அடக்க மத்திய வங்கி குறுகிய கால வட்டியை ஏற்றுகிறது. ஏற்றம் தாங்காமல் பொருளாதாரம் தளரும், பிறகு வட்டியை வெட்டுவார்கள் என்று சந்தை கணிக்கிறது. கூடவே, குறுகிய காலத்துக்கு வாங்கி நீண்ட காலத்துக்குக் கொடுத்துப் பிழைக்கும் வங்கிகளுக்கு இலாபம் சுருங்குகிறது. கடன் கொடுக்கும் கை தயங்குகிறது. எச்சரிக்கை என்று நாம் படிப்பதில் ஒரு பங்கு, நோயின் காரணமும்தான்.

அக்காவுக்கு இந்தக் கதை தெரியாது, ஆனால் அதில் வாழ்ந்திருக்கிறார். 2000-ஆம் ஆண்டில் அவர் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் ஆலையில் வயர் பாண்டிங் பிரிவில் இருந்தார். மைக்ராஸ்கோப்பின் கீழே தலைமுடியைவிட மெல்லிய தங்க இழை சில்லில் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஓ.டி. வேண்டாம் என்றாலும் விடமாட்டார்களாம். அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்க மத்திய வங்கி தன் வட்டியை 6.5 விழுக்காட்டுக்கு ஏற்றியிருந்தது. ஆண்டின் பிற்பகுதியில் அங்கே மூன்று மாதப் பத்திரத்தின் ஈட்டு ஆறுக்கு மேலே, பத்தாண்டுப் பத்திரம் ஆறுக்குக் கீழே.

அப்போது பலரும் அதைத் தள்ளிவிட்டார்கள். தள்ளுவதற்கு நல்ல காரணமும் இருந்தது. அமெரிக்க அரசின் வரவுசெலவில் உபரி. கருவூலம் 2000 மார்ச் முதல் தன் பழைய நீண்ட காலப் பத்திரங்களைத் திரும்ப வாங்கத் தொடங்கியிருந்தது. சரக்கு குறைந்ததால் விலை ஏறியது, ஈட்டு இறங்கியது, கோட்டின் கவிழ்வு வெறும் தட்டுப்பாட்டுக் கோளாறு என்றார்கள். ஓரளவுக்கு அது உண்மைதான். ஆனால் 2001 ஜனவரி 3 அன்று மத்திய வங்கி அவசரமாக வட்டியை அரை விழுக்காடு வெட்டியது. மார்ச் மாதம் மந்தநிலை தொடங்கியது. அதை அதற்குரிய குழு அறிவித்ததோ நவம்பர் 26 அன்று.

பினாங்கில் அறிவிப்புக்கு யாரும் காத்திருக்கவில்லை. "சீனப் புத்தாண்டு முடிஞ்சதும் ஓ.டி. நின்னுச்சு. அப்புறம் சனிக்கிழமை ஷிப்ட். தீபாவளிக்கு முன்னாடி ஆட்குறைப்புக் கடிதம்" என்றார் அக்கா. உலகச் சிப் விற்பனை 2000-இல் ஏறக்குறைய 204 பில்லியன் டாலர். 2001-இல் 139 பில்லியன். மலேசியாவின் வளர்ச்சி 8.9 விழுக்காட்டிலிருந்து அரை விழுக்காட்டுக்கு வந்தது. செப்டம்பர் 11 தாக்குதலால்தான் எல்லாம் கெட்டது என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அக்காவின் ஓ.டி. அதற்கு ஏழெட்டு மாதம் முன்பே நின்றுவிட்டது.

இதே அமெரிக்கக் கோடு 2022-இல் மறுபடி கவிழ்ந்தது. 2023 ஜூலை வாக்கில் அமெரிக்க மூன்று மாதப் பத்திரம் ஐந்தரை விழுக்காட்டை ஒட்டியும் பத்தாண்டுப் பத்திரம் நான்கை ஒட்டியும் இருந்தன. இவ்வளவு பெரிய இடைவெளி நாற்பது ஆண்டுகளில் இல்லாதது. ஆனால் எல்லோரும் எதிர்பார்த்த மந்தநிலை வரவில்லை. ஒரு வங்கிதான் முதலில் உடைந்தது: குறுகிய கால வைப்புகளை வாங்கி நீண்ட காலப் பத்திரங்களில் முடக்கியிருந்த சிலிக்கான் வேலி வங்கி, 2023 மார்ச் 10. மற்றபடி அமெரிக்க வீட்டுக்காரர்கள் பலருக்கு முப்பது ஆண்டு நிலையான வட்டியில் மலிவாகக் கடன் ஏற்கெனவே கிடைத்திருந்தது. ஏறிய வட்டி அவர்களைத் தொடவில்லை. அரசும் பற்றாக்குறை போட்டுச் செலவழித்துக்கொண்டிருந்தது. வட்டி இறங்கும் என்று கோடு வைத்த பந்தயம், மிகத் தாமதமாக, 2024 செப்டம்பரில் பலித்தது. ஆனால் அது இறங்கியது பெரும்பாலும் விலைவாசி அடங்கியதால்.

இதில்தான் நாம் தவறிப் படிக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. "வட்டி இறங்கும்" என்பதைக் கோடு சொல்கிறது. "ஏன் இறங்கும்" என்பதை நாம் சேர்த்துக்கொள்கிறோம். 1966-இலும் கோடு கவிழ்ந்தது, பொருளாதாரம் தளர்ந்தது, மந்தநிலை வரவில்லை. 2019-இல் கவிழ்ந்த பின் 2020-இல் மந்தநிலை வந்தது. அதைக் கொண்டுவந்தது பெருந்தொற்று, அதைக் கடன் பத்திரச் சந்தை முன்கூட்டி அறிந்திருக்க வழியே இல்லை. அமெரிக்காவில் 1960-களுக்குப் பின் நடந்த மந்தநிலைகளை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவ்வளவு குறைந்த உதாரணங்களை வைத்து ஒரு விதியைக் கட்டும்போது நிதானம் வேண்டும்.

நம்முடைய கோட்டைப் பார்த்தால் இன்னும் குழப்பம். அமெரிக்கக் கோடு கவிழ்ந்து கிடந்த அந்த ஆண்டுகளில் மலேசிய அரசுப் பத்திரங்களின் கோடு மேல் நோக்கியே இருந்தது. பேங்க் நெகாரா தன் ஓ.பி.ஆர். வட்டியை 3 விழுக்காட்டோடு நிறுத்தியிருந்தது, பத்தாண்டுப் பத்திரம் அதற்கு மேலே. ஊழியர் சேமநிதி போன்ற பெரிய நிதிகள் நீண்ட காலப் பத்திரங்களை ஓயாமல் வாங்குவதால் அந்தக் கோட்டின் சாய்வை வைத்து நம் வளர்ச்சியைக் கணிப்பது கடினம். பாயான் லெப்பாஸுக்கு அமெரிக்க மந்தநிலை வருவது வட்டி வழியாக அல்ல, ஆர்டர் வழியாக. கோட்டைப் பார்ப்பவர் அமெரிக்கக் கோட்டைப் பார்க்கட்டும், கூடவே ஓ.டி. பட்டியலையும் பார்க்கட்டும்.

பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒருநாள் கவிழ்ந்ததை வைத்துப் பதற வேண்டாம். ஹார்வியின் கணக்கே காலாண்டுச் சராசரிக் கணக்கு. 2001-இலும் 2007-இலும் மந்தநிலை தொடங்கியபோது கோடு ஏற்கெனவே நிமிர்ந்துவிட்டிருந்தது, அல்லது நிமிரத் தொடங்கியிருந்தது. ஆகவே "கோடு சரியாகிவிட்டது" என்ற செய்தி வரும்போது எந்த முனை நகர்ந்தது என்று கேட்க வேண்டும். மத்திய வங்கி அவசரமாக வெட்டி, குறுகிய முனை மளமளவென்று சரிந்தால், எங்கோ ஏதோ உடைந்திருக்கிறது.

அக்கா அன்று ஓராண்டுக்கே போட்டார். "ஆறு மாசம் கழிச்சு மறுபடி இங்க வந்து வரிசைல நிக்கவா?" என்பதுதான் அவர் சொன்ன காரணம். அந்த ஆண்டு ஜூலை 9 அன்று பேங்க் நெகாரா ஓ.பி.ஆர். வட்டியை 2.75-ஆகக் குறைத்தது. ஆகஸ்டில் வேறு வேலையாக அந்த வங்கிப் பக்கம் போனேன். அதே கண்ணாடிக் கதவு, அதே பலகை. ஆறு மாதத்துக்கு 3.40.