விண்ணப்பத்தைத் தள்ளுவது யார்?

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துவிட்டு, வந்து சேர்ந்த கடித உறைகளைத் தலைமை எழுதுவினைஞர் ஒருவர் மேசையில் அடுக்கி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த காலத்தில், கேட்ட தகைமைகளுள் ஒன்று குறைந்திருந்தாலும் மற்றவற்றில் விசேஷமாக விளங்கிய ஒருவருடைய கடிதத்தைத் தனியே எடுத்துவைக்கும் சுதந்திரம் அவருக்கு இருந்தது. இன்று விண்ணப்பங்களை ஏற்கும் மென்பொருளில் 'நொக்-அவுட் கேள்வி' என்று ஒன்றை அமைத்து, அதற்கு இன்ன விடை வந்தால் விண்ணப்பத்தை நிராகரி என்று ஒரு சிறு பெட்டியில் குறியிட்டுவிட்டால், அந்தச் சுதந்திரம் அலுவலகத்தில் எவரிடமும் இல்லாமற் போகிறது. தள்ளப்பட்டவர் யார் என்பதை முதலாளி அறிவதில்லை, அறியாததனால் வருந்துவதுமில்லை.

கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்கு அண்மையில், கப்பற்சரக்கு அனுப்பும் சிறிய அலுவலகம் ஒன்றை உதாரணத்துக்காகக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே ஆவண உதவியாளர் ஒருவர் தேவை: கப்பற் பட்டியல்களையும் விலைச்சிட்டைகளையும் ஒப்புநோக்கி, சுங்கப் பிரகடனத்துக்குரிய விபரங்களை அசிக்குடா கணினி முறையில் பதிந்து, ஒருகொடவத்தைச் சுங்க முற்றத்தில் ஒரு கொள்கலன் தங்கிவிட்டால் தொலைபேசியில் விசாரிக்க வேண்டிய உத்தியோகம். நிர்வாகி ஐந்து நொக்-அவுட் கேள்விகளை எழுதுகிறார்: சிங்களத்தில் தேர்ச்சி உண்டா, கொழும்பில் வசிக்கிறீரா, க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதத்தில் திறமைச் சித்தி உண்டா. மூன்றாண்டு அனுபவம் உண்டா. படிப்புக்கும் வேலைக்கும் இடையில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட இடைவெளி உண்டா. ஒவ்வொன்றும் தனித்து நோக்குமிடத்து நியாயமாகவே தோன்றும். ஐந்தும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதே நாம் ஆராய வேண்டியது.

முதலாவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர் பலர், சந்தையிலும் பேருந்திலும் சிங்களத்தைத் தங்குதடையின்றிப் பேசுவார்கள். ஆனால் ஒரு கடிதத்தைச் சிங்கள எழுத்தில் எழுதச் சொன்னால் தயங்குவார்கள். "தேர்ச்சி உண்டா?" என்ற கேள்விக்கு, உண்மை பேசும் கூச்சமுள்ளவர் தமது எழுத்துக் குறையை நினைந்து 'இல்லை' என்பார், தம்மைப்பற்றி உயர்ந்த அபிப்பிராயமுள்ள வேறொருவர், நான்கு வாக்கியங்கள் மாத்திரமே அறிந்திருந்தும், 'ஆம்' என்பார். முன்னவர் அக்கணமே வெளியே நிற்கிறார், பின்னவர் உள்ளே வருகிறார். தம்மைத் தாமே அளந்துகொள்ளும்படி கேட்கும் எக்கேள்வியையும் நொக்-அவுட்டாக வைத்தால், திறமை குறைந்தவர்கள் தங்கி, அடக்கமானவர்கள் விலகிப் போவார்கள் என்பது என் உறுதியான எண்ணம். அதனை அந்த வேலையின் காரியமாகவே மாற்றிக் கேட்பது நலம்: "ஒரு கொள்கலன் ஏன் தாமதிக்கிறது என்று சிங்களம் பேசும் அதிகாரியிடம் தொலைபேசியில் விசாரிக்க உங்களால் இயலுமா?" என்று கேட்டு, 'தனியே இயலும்', 'ஒருவர் துணையுடன் இயலும்', 'இப்போது இயலாது' என மூன்று விடைகளை வைத்து, எழுத்துச் சிங்களத்துக்கு வேறொரு கேள்வி அமைத்தால், இரண்டையும் புள்ளிக்கு உரியனவாக்கலாம், எவரும் அக்கேள்வியால் மாத்திரம் நிராகரிக்கப்படார்.

இடைவெளிக் கேள்வியோ இந்நாட்டில் பெரும் அநீதியாக முடியக்கூடியது. ஹார்வர்ட் வணிகக் கல்லூரியும் அக்செஞ்சர் நிறுவனமும் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வறிக்கையில், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட இடைவெளியுள்ள விண்ணப்பங்களை ஏறக்குறையப் பாதி நிறுவனங்கள் வடிகட்டிவிடுகின்றன என்று காணப்பட்டது. அது அமெரிக்காவையும் ஐரோப்பாவின் சில நாடுகளையும் பற்றியது. இங்கே நிலைமை இன்னும் கடியது. 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும், 2022ஆம் ஆண்டுக்குரியது 2023 ஜனவரியிலும், 2023ஆம் ஆண்டுக்குரியது 2024 ஜனவரியிலும் நடந்தன. பெறுபேறுகளுக்கும், பின்பு பல்கலைக்கழக அனுமதிக்குமாகக் காத்திருந்த காலம் அதன்மேல். அந்த ஆண்டுகளில் பரீட்சைக்குத் தோற்றிய பிள்ளையிடம் 'ஏன் இடைவெளி?' என்று ஒரு பெட்டி கேட்பதும், விடையைப் பார்க்காமலே அவரைத் தள்ளுவதும், பரீட்சைத் திணைக்களத்தின் நாட்காட்டிக்காகப் பிள்ளையைத் தண்டிப்பதாகும். குழந்தை வளர்த்துவிட்டுத் திரும்பும் தாய்மாரும், நோயுற்ற பெற்றோரைப் பராமரிக்கச் சென்ற பிள்ளைகளும் அதே பெட்டியில் விழுவார்கள். இக்கேள்வியை நான் அறவே நீக்கிவிடுவேன்.

வசிப்பிடக் கேள்வியிலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து வெள்ளவத்தையில் ஓர் அறையில் போர்டிங்காக இருப்பவர், அடையாள அட்டையிலுள்ள முகவரியை எழுதினால் கொழும்புக்குப் புறத்தாரென்று கணிக்கப்படுவார். போர்டிங் முகவரியை எழுதினால் உள்ளூரார். ஒரே மனிதர், ஒரே திறமை, எழுதும் முகவரி மாத்திரம் வேறு. நிர்வாகிக்கு உண்மையில் தேவைப்படுவது காலை எட்டரைக்கு அலுவலகத்துக்கு வந்துசேர முடியுமா என்பதே. அதைத்தான் கேட்க வேண்டும்.

இங்கே தேசிய அடையாள அட்டை இலக்கத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. 2016 முதல் வழங்கப்படும் புதிய இலக்கம் பன்னிரண்டு எண்களாலானது. பழையது ஒன்பது எண்களும் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும் கொண்டது. படிவத்திலுள்ள பெட்டி பன்னிரண்டு எண்களை மாத்திரம் ஏற்குமாறு அமைக்கப்பட்டால், பழைய அட்டையுடன் இருக்கும் அனுபவசாலிகள் 'சமர்ப்பி' என்ற பொத்தானையே அழுத்த முடியாமல் திரும்பிப் போவார்கள்; நிராகரிப்புப் பட்டியலிலும் அவர்கள் இருக்கமாட்டார்கள், ஏனெனில் அவர்கள் விண்ணப்பித்ததாகவே பதிவில்லை. அதன்றியும், அந்த இலக்கத்தின் தொடக்கத்தில் பிறந்த ஆண்டும், அடுத்து அவ்வாண்டில் பிறந்த நாளின் வரிசை எண்ணும் இருக்கின்றன. பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு ஐந்நூறு கூட்டப்படுகிறது. ஆகவே பிறந்த திகதியையும் பாலினத்தையும் கேட்கவில்லை என்று மார்தட்டும் படிவமும், இலக்கத்தைக் கேட்ட மாத்திரத்தில் இரண்டையும் அறிந்துகொள்கிறது. அதனை நியமனம் முடிவான பின்பு கேட்டாற் போதும்.

அப்படியாயின் நொக்-அவுட்டாக எதுதான் நிற்கலாம் என்று கேட்பீர்கள். சட்டப்படி இன்றியமையாதது நிற்கலாம்: லொறி ஓட்டுநருக்குக் கனரக வாகன அனுமதிப்பத்திரம், மருத்துவருக்கு இலங்கை மருத்துவ சபைப் பதிவு. பிறகு, வேலையின் முதல் நாளிலேயே வேண்டியதும், கற்பித்துக் கொடுக்க முடியாததும், விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்லப்பட்டதும் நிற்கலாம். நமது கொட்டாஞ்சேனை அலுவலகத்தில், கப்பல் வரும் வாரத்தில் முறைவைத்து இரவு வேலை செய்ய இயலுமா என்பது அவ்வகையினது. முதலில் எழுதிய ஐந்தும் நொக்-அவுட்டாக நிற்கவில்லை; இந்த ஒன்றே நிற்கிறது. கணிதச் சித்தியும் அனுபவமும் புள்ளிக்குரியன.

புள்ளி வழங்குவதிலும் ஒரு பொறி உண்டு. அனுபவத்துக்கு நாற்பது, மொழிக்கு இருபத்தைந்து, கணினிப் பழக்கத்துக்கு இருபது, கல்விக்குப் பதினைந்து என்று நூறு புள்ளிகளைப் பகிர்ந்து, அனுபவத்துக்கு ஆண்டொன்றுக்கு நான்கு புள்ளி என வைத்தாரென்று கொள்வோம். மூன்றாண்டு அனுபவமுள்ளவர் பன்னிரண்டும், பத்தாண்டு அனுபவமுள்ளவர் நாற்பதும் பெறுவர். வித்தியாசம் இருபத்தெட்டு, மொழிக்கு ஒதுக்கிய முழுப் புள்ளியையும் அது விழுங்கிவிடுகிறது. அதாவது, சுங்க அதிகாரியுடன் ஒரு வாக்கியமும் பேச இயலாத பத்தாண்டுக்காரர், மற்றவற்றில் சமமாக இருந்து, சிங்களத்தில் நன்கு பேசும் மூன்றாண்டுக்காரரை முந்திவிடுவார். நிர்வாகி அப்படி எண்ணியிருக்கமாட்டார். எண்கள் அவருக்காக எண்ணிவிட்டன. ஆவண வேலையில் மூன்றாண்டு கழிந்தவர் ஐந்தாம் ஆண்டில் புதிதாகக் கற்பது சொற்பமே ஆகையால், ஓராண்டுக்குக் குறைந்தால் பத்து, ஒன்று முதல் மூன்றுக்குள் இருபத்தைந்து, மூன்றும் அதற்கு மேலும் நாற்பது என்று படிகளாக வகுத்தால், இருவரும் நாற்பதிலேயே நிற்க, மொழி அவர்களைப் பிரிக்கும். விடை எழுதாமல் விடப்பட்ட கேள்விக்கு மென்பொருள் பூச்சியம் இடுகிறதா என்பதையும் சோதித்தறிய வேண்டும்; தெரியாதது வேறு, இல்லாதது வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, அறுபது புள்ளிக்குக் கீழானவர் நிராகரிக்கப்படுவார் என்ற எல்லைக்கோட்டை நான் இட மாட்டேன். முதலில் யாரை வாசிப்பது என்ற வரிசைக்கு மாத்திரமே அந்தப் புள்ளி உதவட்டும்.

அமைத்ததை வெளியிடுமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுண்டு. அலுவலகத்தில் இன்று நன்றாகப் பணியாற்றும் மூவரை அழைத்து, அவர்கள் வேலைக்குச் சேர்ந்த நாளில் எந்த நிலையில் இருந்தார்களோ அந்த நிலையிலேயே படிவத்தை நிரப்பச் சொல்ல வேண்டும். ஒருவராவது தள்ளப்பட்டால், பிழை அவரிடமன்று. அடுத்து, தானியங்கி நிராகரிப்புக் கடிதத்தை உடனே அனுப்பாமல் சில நாட்கள் தாமதிக்குமாறு அமைத்து, முதல் வாரத்தின் முடிவில் தள்ளப்பட்ட குவியலைத் திறந்து, எந்தக் கேள்வி எத்தனை பேரைத் தள்ளியது என்று கேள்விவாரியாக எண்ண வேண்டும். ஒரு கேள்வி மற்றவற்றைவிடப் பன்மடங்கு ஆட்களைத் தள்ளியிருந்தால், அவர்களுட் பத்துப் பேருடைய விபரங்களையேனும் முழுமையாக வாசித்துப் பார்ப்பது அவசியம்.

அந்த எண்ணிக்கையை ஆண், பெண் என்று பிரித்துப் பார்ப்பதற்கு, ஆட்சேர்ப்புக்கான 1978ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டு விதிகளில் ஐந்தில் நான்கு என்றொரு அளவுகோல் உண்டு. நாற்பது பெண்களில் பன்னிருவர் தேறினால் நூற்றுக்கு முப்பது. ஐம்பது ஆண்களில் இருபத்தைவர் தேறினால் நூற்றுக்கு ஐம்பது. முப்பதை ஐம்பதால் வகுத்தால் அறுபது சதவீதம். அது எண்பதுக்குக் குறைவாகையால், பெண்களுக்குப் பாதகமான விளைவு உண்டென்பதற்கு அதனை ஓர் அறிகுறியாகக் கொள்வது விதி. இந்நாட்டில் அது சட்டமன்று. பதினைந்து விண்ணப்பங்களே வந்த இடத்தில் அதற்குப் பொருளும் இல்லை. அநீதி நிகழ்ந்ததென்று அது நிரூபிப்பதுமில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று மாத்திரம் சுட்டுகிறது.

நமது சட்டமும் இவ்விஷயத்தில் வாளாவிருக்கவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நடைமுறைக்கு வரும் நாட்கள் தள்ளிப்போய் வந்திருப்பினும், இயந்திரத்தினால் மாத்திரம் எடுக்கப்பட்டு ஒருவருடைய உரிமைகளை மீளமுடியாதபடி தொடர்ந்து பாதிக்கும் தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யுமாறு கோரும் உரிமையை அவருக்கு வழங்குகிறது. ஒரு வேலை நிராகரிப்பு அவ்வளவு கனமானதா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். கொட்டாஞ்சேனை நிர்வாகி அந்த வாதத்துக்குக் காத்திராமல், நிராகரிப்புக் கடிதத்தின் அடியிலே, 'இத்தீர்மானத்தை மீண்டும் பார்க்க வேண்டுமாயின் இந்த முகவரிக்கு எழுதுக' என்ற ஒரு வரியைச் சேர்த்து, வரும் கடிதங்களை வாசிக்க அலுவலகத்தில் ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்கலாம்.