வேகத்தைக் கூட்டுமுன் நுழைவாயைப் பாருங்கள்

குளிரூட்டும் ஏ.எச்.யூ. ஒன்றில் காற்று குறைந்தால் நம் நாட்டுக் கட்டடங்களில் முதலில் செய்யப்படுவது ஒன்றே: வி.எஃப்.டி.யில் அதிர்வெண்ணைக் கூட்டுவது. இதற்குத் துணையாக விசிறி விதிகளைக் காட்டுவார்கள். பிளீனம் விசிறிகளைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் தவறான முதலடி என்பதே என் கருத்து. தொழில்நுட்ப ஆவணங்களின் மொழியை ஆராயும் எனக்கு, இந்தத் தவற்றில் பாதி சொற்களிலிருந்தே பிறப்பதாகத் தோன்றுகிறது.

விதிகள் எளியவை. ஒரே விசிறியின் சுழல்வேகம் மாறும்போது காற்றளவு வேகத்துக்கு நேர்விகிதத்திலும், அழுத்தம் அதன் இருமடியாகவும், திறன் மும்மடியாகவும் மாறும். `Q ∝ N, P ∝ N², W ∝ N³`. ஆனால் இவை நிபந்தனை வாக்கியங்கள். காற்றின் அடர்த்தியும் அமைப்பும் மாறாதிருந்தால் ஓர் இயக்கப்புள்ளியிலிருந்து அதற்கு ஒப்பான இன்னொரு புள்ளிக்கு எப்படிப் போவது என்பதை மட்டுமே இவை சொல்கின்றன. முதற்புள்ளி ஏன் எதிர்பார்த்த இடத்தில் இல்லை என்பதைப் பற்றி இவற்றுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. விதியை எடுத்தாள்பவர்கள் ‘இருந்தால்’ என்பதை உதறிவிட்டு ‘ஆகும்’ என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்.

பிளீனம் விசிறிக்குச் சுருள்வடிவ உறை கிடையாது. பின்வளைந்த இறகுகள் கொண்ட சக்கரம் ஒரு பெட்டிக்குள் சுழன்று அந்தப் பெட்டியையே அழுத்தத்துக்கு உட்படுத்துகிறது. காற்று, புனல் போன்ற நுழைவாய் வழியாகச் சக்கரத்தின் நடுவே புகுகிறது. உற்பத்தியாளர் தரும் செயல்வளைவு ஆய்வுக்கூடத்தில் அம்கா 210 முறைப்படி அளக்கப்பட்டது. இவ்வகை விசிறிகளை வழக்கமாக நுழைவும் வெளியேற்றமும் தடையின்றித் திறந்திருக்கும் நிலையில் சோதிக்கிறார்கள். புனலின் விளிம்பைச் சுற்றி எல்லாத் திசைகளிலிருந்தும் காற்று சீராக வந்து சேர்கிறது. நம் இயந்திர அறைகளில் அந்த வசதி அரிது. இடம் போதவில்லை என்று ஏ.எச்.யூ.வின் நீளத்தைக் குறைக்கும்போது, முதலில் வெட்டுப்படுவது காயிலுக்கும் விசிறிக்கும் இடையிலான வெற்றிடம்தான். படத்தில் அது ஒன்றுமில்லாத இடமாகத் தெரிவதே காரணம். காற்று ஒரு பக்கமாகத் திரும்பிப் புனலின் விளிம்பிலிருந்து பிரிந்து, சக்கரத்தின் கண்ணை அரைகுறையாக நிரப்புகிறது. சில இறகுகளுக்கு மிகையான சுமை, சிலவற்றுக்குப் போதாத சுமை. இதனால் குறையும் அழுத்தத்தையே ‘சிஸ்டம் எஃபெக்ட் இழப்பு’ என்கிறோம்.

இழப்பு என்றதும் ஃபில்டரிலும் காயிலிலும் நேர்வது போன்ற ஓர் எதிர்ப்பை மனம் கற்பனை செய்துகொள்கிறது. அவற்றின் இருபுறமும் துளையிட்டு மானோமீட்டரால் அளக்கலாம். இதை அப்படி நேராக அளக்க முடியாது. இது ஆய்வுக்கூடத்தில் விசிறி தந்ததற்கும் நம் பெட்டிக்குள் தருவதற்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. அதனால்தான் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமல் தப்பிவிடுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தேவை நொடிக்கு 4 கனமீட்டர் காற்று. அதற்கு அமைப்பின் எதிர்ப்பு 800 பாஸ்கல். சக்கர விட்டம் 710 மி.மீ., புனலின் குறுகிய பகுதி 500 மி.மீ., வேகம் நிமிடத்துக்கு 1450 சுற்று, மோட்டார் 5.5 கிலோவாட். வளைவின்படி அச்சுத்திறன் ஏறத்தாழ 4.9 கிலோவாட். தேர்வில் குறையில்லை. ஆனால் காயிலிலிருந்து புனலுக்கு 250 மி.மீ. இடைவெளிதான் விடப்பட்டது, புனலும் ஒரு பக்கச் சுவரை ஒட்டி அமைந்துவிட்டது. இயக்கி அளந்தால் கிடைப்பது 3.6 கனமீட்டர்.

இப்போது ஃபில்டர், காயில், குழாய்கள் ஆகியவற்றின் எதிர்ப்பைப் பகுதி பகுதியாக அளந்து கூட்டுகிறோம்: 648 பாஸ்கல். 800-ஐ 0.9-இன் இருமடியால் பெருக்கினாலும் அதே எண்தான். ஆகவே அமைப்பின் கணக்கு சரி; அங்கே மறைந்த அடைப்பு எதுவும் இல்லை. அதே வேகத்தில் 3.6 கனமீட்டருக்கு விசிறியின் வளைவு காட்டுவது 850 பாஸ்கல். குறைவது 202. புனலின் குறுகிய பகுதியில் காற்று நொடிக்கு 18.3 மீட்டர் வேகத்தில் போகிறது; அதன் திசைவேக அழுத்தம் `ρV²/2`-உம் ஏறத்தாழ 202 பாஸ்கலே. அதாவது ஒரு முழுத் திசைவேக அழுத்தம் நுழைவாயிலேயே தொலைகிறது.

கண்டறியும் வழியும் இதுவே. அளந்த புள்ளி விசிறியின் வளைவின் மேல் அமைந்தால், குற்றம் அமைப்பின் எதிர்ப்பில். வளைவுக்குக் கீழே விழுந்தால் குற்றம் விசிறியிலோ அதன் நுழைவாயிலிலோ. அப்போதும் நுழைவாயைக் குறைசொல்லுமுன் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். ஒன்று, சுழலும் திசை. மின்முனை மாறித் தலைகீழாகச் சுழன்றாலும் இவ்விசிறி கொஞ்சம் காற்றைத் தரும், ஆகவே எளிதில் ஏமாறலாம். மற்றொன்று, புனலுக்கும் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி. அது மிகுந்தால் அழுத்தமான காற்று திரும்பக் கசியும். இன்னொரு எச்சரிக்கை: காற்றோட்டம் சிதைந்திருக்கும்போது, புனலில் பொருத்தப்பட்ட அழுத்த வளையம் காட்டும் காற்றளவை மட்டும் நம்பக் கூடாது. காயிலின் முகப்பிலோ குழாயிலோ தனியாக அளக்க வேண்டும்.

இனி வேகத்தைக் கூட்டுவோரின் வழிக்கு வருவோம். 3.6-ஐ 4 ஆக்க, வேகத்தை 1.11 மடங்காக, அதாவது சுமார் 1610 சுற்றாக உயர்த்த வேண்டும். விதி இங்கே சரியாகவே செயல்படும், காற்று வந்துவிடும். ஆனால் நுழைவாய் இழப்பும் காற்றளவின் இருமடியாக வளர்ந்து 250 பாஸ்கல் ஆகிவிடும். அளந்த அச்சுத்திறன் 4.7 கிலோவாட் என்றால் அது 1.37 மடங்காகி ஏறத்தாழ 6.4 ஆகும். 5.5 கிலோவாட் மோட்டார் அதைத் தாங்காது. பெரிய மோட்டார் போட்டாலும், சக்கரத்தின் உச்சவேக வரம்பு இடம் கொடுத்தாலும், ஒவ்வொரு மணியும் 1.5 கிலோவாட் கூடுதலாகச் செல்லும். நாளுக்கு 12 மணி வீதம் 300 நாள் ஓடினால் ஆண்டுக்கு 5,400 யூனிட். விசிறியின் ஆயுள் முழுதும் இது தொடரும்.

யார் பொறுப்பு என்று கேட்டால் எல்லோரும் நிரபராதிகள். விசிறி வளைவுப்படி இருக்கிறது என்பார் உற்பத்தியாளர், அது உண்மை. எதிர்ப்புக் கணக்கு சரி என்பார் ஆலோசகர், அதுவும் உண்மை. அறையில் இவ்வளவுதான் இடம் என்பார் கட்டடக் கலைஞர். மின்கட்டணம் செலுத்துபவர் மட்டும் இந்த உரையாடலில் இல்லை.

ஆகவே நான் வேண்டுவது ஒரு வரி. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் நுழைவாய்க்கு முன் உள்ள வெற்றிடத்தைச் சக்கர விட்டத்தின் மடங்காக எழுதுங்கள். ஒரு விட்ட அளவு வேண்டும் என்பது பரவலான நடைமுறை. அதைக் குறைப்பவர், அதற்கு ஈடான பாஸ்கலையும் தேர்வுக் கணக்கில் எழுதிக் கையொப்பமிடட்டும். அந்த எண்ணைத் துல்லியமாகத் தரும் பொதுச் சூத்திரம் இல்லை. அம்கா 201 வெளியீடு வழிகாட்டும், பெட்டிக்குள் வைத்துச் சோதித்த உற்பத்தியாளரின் தரவு இருந்தால் அதுவே மேல். இடம் உண்மையிலேயே இல்லையென்றால் ஒரு பெரிய விசிறிக்குப் பதிலாகச் சிறிய விசிறிகள் பலவற்றை அடுக்கலாம். விட்டம் சிறுத்தால் வேண்டிய இடைவெளியும் சிறுக்கும்.

படத்தில் காலியாகத் தெரியும் அந்த இடமும் விசிறியின் ஒரு பகுதியே. அதற்கு ஒரு பெயரும் ஓர் எண்ணும் இல்லாதவரை, அது வெட்டப்பட்டுக்கொண்டே இருக்கும்.