வட்டி வந்தது... லாபம் வந்ததா?

வங்கியில் ஒரு லட்ச ரூபாயை எஃப்.டி-யில் போடுகிறீர்கள். ஓராண்டு முடிந்ததும் 1,05,000 ரூபாய் கைக்கு வருகிறது. பாஸ்புக்கைப் பார்த்தால் 5,000 ரூபாய் லாபம். ஆனால், அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால்தான் உண்மை தெரியும்.

2020-21 நிதியாண்டை எடுத்துக்கொள்வோம். பெரிய வங்கிகளில் ஓராண்டு எஃப்.டி-க்கு அப்போது ஏறக்குறைய 5% வட்டிதான் கிடைத்தது. நாட்டின் சில்லறைப் பணவீக்கமோ சராசரியாக 6.2%. அதாவது, முந்தைய ஆண்டு ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கிய அதே பொருள்களை வாங்க இப்போது 1,06,200 ரூபாய் வேண்டும். நம் கையில் இருப்பது 1,05,000. ஆக, 1,200 ரூபாய் துண்டு விழுகிறது.

எஃப்.டி வட்டிக்கு வருமான வரியும் உண்டு. நீங்கள் 20% வரி வரம்பில் இருந்தால், 5,000 ரூபாய் வட்டியில் 1,000 ரூபாய் வரிக்குப் போய்விடும் (செஸ் தனி). மிச்சம் 1,04,000. இப்போது துண்டு 2,200 ரூபாய். முதல் அப்படியே இருக்கிறது, வட்டியும் வந்திருக்கிறது. ஆனாலும், பணத்தின் வாங்கும் சக்தி சுமார் 2% குறைந்துவிட்டது.

எப்படிக் கணக்கிடுவது?

முதலில் வட்டி விகிதத்திலிருந்து வரியைக் கழியுங்கள். 7% வட்டி, 20% வரி என்றால் கையில் நிற்பது 5.6%. அதிலிருந்து பணவீக்கத்தைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் உண்மையான வருமானம். வரி கட்டத் தேவையில்லாதவர்களுக்கு முதல் படி வேண்டாம்.

எஃப்.டி போடும் அன்று வட்டி தெரியும். வரப்போகும் பணவீக்கம் தெரியாது. ரிசர்வ் வங்கியின் இலக்கு 4%. அது 2 முதல் 6% வரை ஏறி இறங்கலாம். எனவே 4, 6 இரண்டையும் வைத்துப் பாருங்கள். மேலே சொன்ன 5.6%, பணவீக்கம் 4% என்றால் 1.6% லாபம் தரும். 6% ஆனால் 0.4% நஷ்டம். 20% வரி கட்டுபவர் அந்த 6 சதவிகிதத்தை ஈடுகட்டவே 7.5% வட்டி வேண்டும்.

அரசு சொல்லும் பணவீக்கம் நாட்டின் சராசரி. பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் அதிகமுள்ள வீட்டில் விலையேற்றம் வேறாக இருக்கும். போன வருடம் இதே மாதம் வாங்கிய அதே பொருள்கள், அதே அளவு, இன்று என்ன விலை என்று ஒப்பிட்டாலே உங்கள் வீட்டுப் பணவீக்கம் தெரிந்துவிடும்.

இதற்காக எஃப்.டி-யை உடைக்க வேண்டாம். அவசரச் செலவுக்கும், ஓரிரு ஆண்டுகளில் தேவைப்படும் பணத்துக்கும் அதுவே சரியான இடம். அங்கே இந்தச் சிறு இழப்பைப் பாதுகாப்புக்கான விலையாகவே எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து வருடம் கழித்துத் தேவைப்படும் பணம் முழுவதும் எஃப்.டி-யிலேயே இருந்தால்தான், வருடத்துக்கு 2% இழப்பும் சேர்ந்து பெரிதாகிவிடும். அடுத்த முறை எஃப்.டி-யைப் புதுப்பிக்கும் முன் இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.