வாரம் 125 பவுண்டு, மாதம் எவ்வளவு?

கடந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் படிப்பகத்தின் பின்னறையில் நான்கு பேர் ஒரு நோட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பக்கத்துக் காலனிப் பெண் ஒருத்திக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா கொத்தனார் வேலைக்குப் போகிறவர், அம்மா நூறு நாள் வேலைக்காரர். கல்விக் கட்டணத்தை ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை ஏற்றுக்கொள்கிறது. விமானச் சீட்டும் அதிலேயே வந்துவிடும். மாதாமாதம் அங்கே உட்கார்ந்து சாப்பிட எவ்வளவு ஆகும் என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

“அண்ணே, ரூம் வாரத்துக்கு 125 பவுண்டு. மாசம் 500தான் வருது, சமாளிச்சிடலாம்” என்றாள்.

“வருஷத்துக்கு எத்தனை வாரம்மா?”

“அம்பத்திரெண்டு.”

“அப்ப 52 ஆல பெருக்கி 12 ஆல வகு.”

வகுத்தாள். 542 வந்தது. நான்கு வாரம் ஒரு மாதம் என்று எடுத்துக்கொண்டால் மாதம் 42 பவுண்டு, ஆண்டுக்கு 500 பவுண்டு கணக்கிலிருந்து காணாமல் போகிறது. இங்கிலாந்தில் மாணவர் அறைகளுக்குப் பெரும்பாலும் வார வாடகைதான் விளம்பரம் செய்வார்கள். நம் பிள்ளைகள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒப்பந்தம் எத்தனை வாரத்துக்கு என்பதையும் பார்க்க வேண்டும். வகுப்பு நடக்கும் மாதங்களுக்கு மட்டும் அறை தருகிறவர்களும் உண்டு, 51 அல்லது 52 வாரம் கட்டச் சொல்கிறவர்களும் உண்டு. முதுநிலை மாணவருக்குக் கோடையிலும் ஆய்வேடு எழுதும் வேலை இருப்பதால் ஆண்டு முழுவதற்கும் கூரை வேண்டும்.

அடுத்து, அந்த 125க்குள் என்ன அடக்கம் என்று கேட்டோம். பல்கலைக்கழக விடுதியிலும் தனியார் மாணவர் விடுதியிலும் மின்சாரம், எரிவாயு, தண்ணீர், இணையம் எல்லாம் வாடகைக்குள் வந்துவிடும். நான்கைந்து பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டில் பெரும்பாலும் இவை தனி. அவள் பார்த்தது அப்படிப்பட்ட வீடு. தன் பங்குக்கு மாதம் 55 பவுண்டு என்று போட்டோம். செப்டம்பரில் இது குறைவாகவே வரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சூடேற்றி ஓடும் மாதங்களில் ஏறும். ஆகவே செப்டம்பரிலும் 55 எடுத்துவைத்து, மிஞ்சுவதைக் குளிர்காலத்துக்கு விட்டுவைக்க வேண்டும்.

இங்கே இன்னொரு கண்ணி உண்டு. வீட்டில் இருக்கும் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் அந்த வீட்டுக்குக் கவுன்சில் வரி கிடையாது. வேலைக்குப் போகும் ஒருவர் அதே வீட்டில் இருந்தால் வரிச் சீட்டு வந்துவிடும். யார் கட்டுவது என்ற தகராறும் கூடவே வரும். அறை பார்க்கும்போதே “கூட இருக்கிறவர்கள் எல்லாரும் மாணவர்களா?” என்று கேட்டுவிட வேண்டும்.

சாப்பாட்டுக்கு 140 பவுண்டு. சமைத்துச் சாப்பிட்டால்தான் இந்தக் கணக்கு நிற்கும். அரிசி, பருப்பு, மசாலாவை நம்மூர்ச் சாமான் விற்கும் கடையில் மொத்தமாக வாங்கி, காய்கறியை மாலையில் விலை குறைக்கும் நேரத்தில் எடுத்து, முட்டை, கோழிக்கறி வைத்துக்கொண்டால் போதும். வெளியே ஒரு வேளைச் சாப்பாடு பத்துப் பன்னிரண்டு பவுண்டைத் தின்றுவிடும். வீட்டில் சமைத்தால் அதே காசில் இரண்டு மூன்று நாள் ஓட்டலாம்.

அறைக்கும் அடுப்புக்கும் நடுவே நம்மவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. மலிவான அறை தேடினால் இந்தியர்களே விடும் உள்வாடகை அறைகள் கண்ணில் படும். ‘சைவம் மட்டும்’ என்று சிலவற்றில் எழுதியிருக்கும். சொந்த ஊர் எது, என்ன ஆட்கள் என்ற விசாரிப்பும் கடல் தாண்டிப் போயிருக்கிறது. முட்டையும் கறியும்தான் அங்கே மலிவான சத்து. அதை விட்டுக்கொடுத்து, சாதியையும் மறைத்துக்கொண்டு மிச்சம் பிடிக்கும் 40 பவுண்டு எதற்கு என்று அவளிடம் சொன்னோம். அவளும் அதே முடிவில்தான் இருந்தாள்.

போக்குவரத்தில் பெரிய பாடம் ஒன்று கிடைத்தது. ஊருக்கு வெளியே 110 பவுண்டுக்கு ஓர் அறை இருந்தது. மாதம் 65 பவுண்டு மிச்சம். ஆனால் அங்கிருந்து பேருந்தில்தான் போக வேண்டும். இங்கிலாந்தில் பெரும்பாலான பேருந்துகளில் ஒரு பயணத்துக்கு 3 பவுண்டு என்று அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. சில ஊர்களில் அதைவிடக் குறைவு. நாங்கள் 3 என்றே வைத்துக்கொண்டோம். இருபது நாள் போய்வந்தால் 120 பவுண்டு. மாதப் பாஸ் எடுத்தால் இது குறையும். என்றாலும் மிச்சம் என்று கையில் நிற்பது சொற்பம், வழியில் போகும் நேரமோ திரும்பி வராது. ஆகவே வகுப்புக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள 125 பவுண்டு அறையே லாபம். மழைக்கும் கடைக்கும் என்று மாதம் எட்டுப் பயணம், 24 பவுண்டு போட்டோம். வாடகையையும் பேருந்தையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது, இரண்டையும் கூட்டித்தான் அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கைபேசிக்கு 10 பவுண்டு போதும். மாதாமாதம் நிறுத்திக்கொள்ளக்கூடிய சிம் வாங்க வேண்டும். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தோடு புதுப் போன் தரும் திட்டத்தில் மாட்டக் கூடாது. அதோடு இந்திய எண்ணையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். புறப்படும் முன்பே ரோமிங்கைத் திறந்து வைக்காவிட்டால், கணக்கில் பணம் இருந்தும் எடுக்க வழியில்லாமல் நிற்க வேண்டியதுதான்.

சோப்பு, துணி துவைப்பு, மாத்திரை, நகல் எடுப்பது என்று 30 பவுண்டு. எல்லாம் கூட்டினோம். 801 பவுண்டு வந்தது.

இப்போது வரவைப் பார்ப்போம். உதவித்தொகையில் பிரிட்டனுக்கான பராமரிப்புத் தொகை ஆண்டுக்கு 9,900 பவுண்டு. பன்னிரண்டால் வகுத்தால் 825. ஆக மாதம் 24 பவுண்டு மிஞ்சுகிறது. ஒரு பல்வலி, ஒரு ஜோடி குளிர்காலச் செருப்பு, வீட்டில் ஒரு சாவு என்றால் அதுவும் இல்லை. எதிர்பாராச் செலவுக்கு ஆண்டுக்கு 1,116 பவுண்டு தனியாக உண்டு. அது புத்தகத்துக்கும் ஆய்வுக்குமான பணம்.

பிரிட்டிஷ் அரசு என்ன சொல்கிறது? லண்டனுக்கு வெளியே படிக்க வரும் மாணவர் மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும் என்பது அதன் விசா விதி. ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்டு. நம் அரசு பன்னிரண்டு மாதத்துக்குக் கொடுப்பது 9,900. அவர்கள் ஒன்பது மாதத்துக்குக் கேட்பது நமக்கு ஓராண்டுக்குக் கிடைப்பதைவிட அதிகம். லண்டன் என்றால் மாதம் 1,529 என்கிறது அதே விதி. நம் உதவித்தொகையில் லண்டனுக்கும் லீட்ஸுக்கும் ஒரே தொகைதான்.

வேலை பார்த்து ஈடுகட்டலாமே என்பார்கள். விசா வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்க அனுமதிக்கிறது. உதவித்தொகை விதியோ வேறு பேசுகிறது. ஆய்வு உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ பிரிட்டனில் ஆண்டுக்கு 1,560 பவுண்டு வரை சம்பாதிக்கலாம், அதற்கு மேல் போனால் பராமரிப்புத் தொகை குறைக்கப்படும். மாதத்துக்கு 130 பவுண்டு. அப்படியொரு வேலை கிடைத்தாலும் 825உம் 130உம் சேர்ந்து 955. விசா விதியின் தொகையைத் தொட இன்னும் 216 பவுண்டு வேண்டும்.

மாதக் கணக்கைவிடக் கடினமானது முதல் இரண்டு மாதம். உதவித்தொகை சம்பளம் போல ஒன்றாம் தேதி வருவதில்லை. தவணையாக வரும், தாமதமாகவும் வரும். இரண்டு மாதம் தாமதம் என்று வைத்துக் கணக்கிட்டோம். வீட்டு முன்பணம் சட்டப்படி ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அது 625 பவுண்டு. அதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இரண்டு மாத வாடகை 1,084. மற்ற செலவு 518. போர்வை, பாத்திரம், குளிர்ச்சட்டைக்கு 180. மொத்தம் 2,407 பவுண்டு. ஒரு பவுண்டு 120 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 2 லட்சத்து 89 ஆயிரம் ரூபாய். கட்டணமில்லாமல் படிக்கப் போகும் பெண்ணுக்குப் புறப்படும் நாளில் கையில் இருக்க வேண்டிய பணம் இது. எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அவளுடைய அம்மா காதில் கிடந்த தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பிணை நிற்பவர் என்ற சிக்கலும் இருக்கிறது. பிரிட்டனிலேயே வருமானம் உள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கட்டச் சொல்லிவந்தார்கள். 2026 மே 1 முதல் தனியார் வீட்டுக்காரர் ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை வாங்கக் கூடாது என்று இங்கிலாந்தில் சட்டம் வந்திருக்கிறது. இது நல்லதுதான். ஆனால் பணத்தைக் காட்டித் தப்பிக்கும் வழி அடைபட்டதால் பிணைக் கையெழுத்தின் கனம் கூடும். மாமா லண்டனில் டாக்டர், சித்தி மான்செஸ்டரில் என்றிருக்கும் வீடுகளுக்கு இது ஒரு போன். காலனியிலிருந்து முதல் ஆளாகப் போகிறவளுக்கு யார் இருக்கிறார்கள்? சில பல்கலைக்கழகங்கள் தாங்களே பிணை நிற்கின்றன. இடம் ஒப்புக்கொள்ளும் முன்பே அதை எழுதிக் கேட்க வேண்டும். இல்லையென்றால் முதல் ஆண்டு பல்கலைக்கழக விடுதியே பாதுகாப்பு.

1913இல் பரோடா மன்னர் மாதம் பதினொன்றரைப் பவுண்டு வீதம் மூன்றாண்டுக்குத் தந்த உதவித்தொகையில்தான் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் போனார். கெடு முடிந்ததும் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார். தன் சேமிப்பையும், கோலாப்பூர் சாகு மகராஜின் உதவியையும், நண்பரிடம் வாங்கிய கடனையும் சேர்த்துக்கொண்டு 1920இல்தான் மறுபடி போக முடிந்தது. அறிவால் நிறுத்த முடியாதவரை மாதச் செலவு மூன்றாண்டு நிறுத்திவைத்தது.

நாங்கள் கேட்பது இரண்டு. ஒன்றிய அரசு பராமரிப்புத் தொகையை அந்தந்த நாட்டு விசா விதி சொல்லும் அளவுக்கு உயர்த்த வேண்டும், லண்டனுக்குத் தனி விகிதம் வைக்க வேண்டும். முதல் தவணை வரும்வரை தாக்குப்பிடிக்க 3 லட்சம் ரூபாயை, தவணையில் கழித்துக்கொள்ளும் முன்பணமாக, மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகமே விமானம் ஏறும் முன் கொடுக்க வேண்டும். உதவித்தொகை ஆணை கையில் இருக்கும்போது இதைவிட நல்ல பிணை வேறு என்ன?

அந்தப் பெண் இப்போது லீட்ஸில் இருக்கிறாள். அம்மாவின் தோடு இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது.